நம் நிலம் விஷயமாக மே 10 ஞாயிறு ஊரில் உட்கார்ந்து பேசுவது பற்றி

பெரியம்மா, அத்தைகள், சித்தப்பா, சித்தி, அண்ணா, தம்பி, எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு இப்போது போனில் பேசினால் சரியாகக் கேட்பதில்லை, அதனால் அவர் சொல்லச் சொல்ல நானும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பாதியில் விட்டுவிடாமல் கடைசி வரை படித்துவிடுங்கள், ஏனென்றால் இந்த இரண்டு மாதமாக ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போகும்போது வேறாகிவிடுகிறது.

வருகிற மே 10, ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு, பாபநாசம் பக்கம் நம் ஊர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்காருவோம். சாயங்காலம் 4.30க்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும் என்பது பெரிய அத்தையின் விருப்பம், எனக்கும் அது சரியாகப் படுகிறது. அதைத் தாண்டிப் பேசினால் எல்லோரும் களைத்துப்போய்க் குரல்தான் உயரும். தேதியை இதற்கு மேல் தள்ள முடியாது. மேட்டூர் ஜூன் 12ல் திறந்தால் சித்தப்பா அதற்கு முன்பே குறுவைக்கு நாற்று விட ஏற்பாடு செய்ய வேண்டும். விற்கிறோமா இல்லையா என்று தெரியாமல் அவரை விதை வாங்கச் சொல்வதும் தப்பு, வாங்காதே என்று சொல்வதும் தப்பு.

முதலில் ஒரு வேண்டுகோள். மே 10 வரை யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம், யாரும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம். ஓசூர் அண்ணா, தரகர் உங்களிடம் 1 லட்சம் டோக்கன் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். உங்கள் கடன் நெருக்கடி எங்களுக்குத் தெரியும், அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கூட்டத்துக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கொடுத்ததற்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பணம் இல்லையென்றால் அப்பா தருகிறேன் என்கிறார், பிறகு பார்த்துக்கொள்ளலாம். டோக்கன் ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர்கள் மனசு விட்டுப் பேச மாட்டார்கள்.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். விற்கலாமா வேண்டாமா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதையே நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை. அதை முதலில் முடிக்காமல் விலை பேசினால் எந்தக் காலத்திலும் தீராது. மொத்தம் 4 ஏக்கர் 80 சென்ட் நஞ்சை. பாதி தாத்தாவுக்கு அவருடைய அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்ததில் வந்தது, பாதி தாத்தா சொந்தமாக வாங்கியது. தாத்தா 2011ல் போனார், உயில் எழுதவில்லை. பாட்டி 2016ல், பெரியப்பா 2022ல். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது.

பெரிய அத்தைக்கு 1984லேயே கல்யாணம் ஆகிவிட்டது, அதனால் பாகம் இல்லை என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. தமிழ்நாட்டுச் சட்டம் 25-3-1989க்கு முன் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. ஆனால் 9-9-2005 முதல் மத்தியச் சட்டம் மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர் ஆக்கிவிட்டது, கல்யாணத் தேதியை அது பார்ப்பதில்லை. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் வேறு கதை, நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. தாத்தா சொந்தமாக வாங்கிய பாதியில் அந்தச் சிக்கலே கிடையாது, உயில் இல்லாததால் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் சமம். ஆக எப்படிப் பார்த்தாலும் ஐந்து பங்கு, ஒரு பங்குக்கு 96 சென்ட். பெரியப்பா பங்கு பெரியம்மாவுக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும். அத்தைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதும் வாங்கிக்கொள்வதும் அவர்கள் இஷ்டம். "அவங்களுக்கு சீர் செஞ்சாச்சே" என்று கூடத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அப்பாவும் இதில் உறுதியாக இருக்கிறார்.

சித்தப்பா, இது உங்களுக்கு. தாத்தா படுக்கையில் இருந்தபோது நிலத்தை நீயே பார்த்துக்கோ என்று சொன்னதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டும் இருக்கிறீர்கள், வருஷா வருஷம் ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசி மூட்டை அனுப்பியிருக்கிறீர்கள், 2014ல் போர் போட்டது முழுக்க உங்கள் பணம். அதற்கு மதிப்பு உண்டு, அதை முதலில் கழித்துவிட்டுத்தான் மற்றதைப் பங்கு போட வேண்டும் என்பது என் கருத்து. போர் செலவு, மோட்டார், வரப்புக்கும் வாய்க்காலுக்கும் செலவழித்தது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரசீது இல்லாததையும் எழுதுங்கள், ஞாபகத்தை வைத்துப் பேசிக்கொள்ளலாம். அதே போல கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் நிலுவை ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

விலை பற்றி. கும்பகோணத்துப் பார்ட்டி மொத்தமாக ஏக்கருக்கு 22 லட்சம் என்கிறார்கள். 4.80க்கு 1 கோடியே 5 லட்சத்து 60 ஆயிரம், ஒரு பங்குக்கு 21 லட்சத்து 12 ஆயிரம். கேட்க நல்ல தொகை. ஆனால் அவர்கள் கண் முழுக்க ரோட்டு மேல் இருக்கும் 1 ஏக்கர் 20 சென்ட் மேல்தான், மனை போடுவதற்கு. பின்னால் இருக்கும் வயலையும் அதே விலையில் சேர்த்துக் கேட்கிறார்களே, முன்பக்கத்தின் உண்மையான விலை என்னவென்று நாம் விசாரித்தோமா? அங்கீகாரம் இல்லாத மனையை இப்போது பதிய முடியாது, நஞ்சையை மனையாக மாற்ற அனுமதி வாங்க வேண்டும். அதனால் பாதிப் பணம் இப்போது, மீதி அனுமதி வந்த பிறகு என்று அவர்கள் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். மன்னார்குடி தாத்தா பக்கத்து ஊர்களில் போன வருஷம் பதிவான விலையை விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்குத் தோன்றும் வழி ஒன்றைச் சொல்கிறேன், இதைத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று இல்லை. ரோட்டு மேல் உள்ள 1.20ஐ மட்டும் நல்ல விலைக்கு விற்று, அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவர்கள் அதில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளலாம். மீதி 3.60ல் சித்தப்பாவும், நிலம் வேண்டும் என்று சொல்கிற சின்ன அத்தையும், அப்பாவும் இருக்கட்டும். யாருக்கு நிலம், யாருக்குப் பணம் என்று பிரியும்போது கணக்கு முன்பின் வரும், அதைப் பணமாக நேர் செய்யலாம். சித்தப்பா மற்றவர்கள் பங்கை வாங்கிக்கொள்கிறேன் என்றால் அவருக்குத்தான் முதல் உரிமை. கூட வாரிசாக இருப்பவர் முதலில் கேட்கலாம் என்று வாரிசுச் சட்டத்திலேயே 22ஆம் பிரிவு இருக்கிறது, விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறுவடைக்கு அறுவடை தவணையாகக் கட்டுகிறேன் என்று அவர் கேட்டால் மறுக்காதீர்கள். வெளியாள் ஒரே தடவையில் தருகிறான் என்பது உண்மைதான், ஆனாலும் இந்த ஊரில் நமக்கென்று ஒரு வீட்டு வாசல் மிச்சமிருப்பது சித்தப்பாவால்தான்.

எப்படிப் போனாலும் வடகிழக்கு மூலையில் அய்யனார் இருக்கும் 5 சென்ட் பொதுவாக இருக்கட்டும். அதற்குப் போக வர வரப்புப் பாதையும் பத்திரத்தில் வர வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது என்று நினைக்கிறேன்.

பேச்சை நடத்துவது மன்னார்குடி தாத்தா. பாட்டியின் தம்பி, தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நம் ஐந்து வீட்டில் எந்த வீட்டுக்கும் கூடவோ குறையவோ இல்லாதவர். ஒவ்வொருவராகத் தங்கள் பங்கில் என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்வார்கள், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. பெரியம்மாதான் முதலில் பேச வேண்டும். அவர் எப்போதும் கடைசியில் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவார், இந்த முறை அது நடக்கக் கூடாது. அதற்காகவே சாப்பாட்டை வெளியில் சொல்லிவிட்டேன், காலை டிபன், மதியம் இலைச் சாப்பாடு, இரண்டு வேளை காபி. அன்று யாரும் அடுப்புப் பக்கம் போக வேண்டாம். மாமாக்களும் சித்தியும் அண்ணியும் என் வீட்டுக்காரரும் கூட உட்காரட்டும், ஆனால் காலையில் பங்குக்காரர்கள் மட்டும் பேசட்டும், மதியத்துக்கு மேல் அவர்கள் கருத்தையும் கேட்போம். பழைய கல்யாணத்தில் யார் யாரை அழைக்கவில்லை என்ற கதையெல்லாம் அன்றைக்கு வேண்டாம், தயவுசெய்து.

சிங்கப்பூர் தம்பி, உனக்கு அங்கே 12.30 ஆகியிருக்கும், வீடியோவில் வந்துவிடு. முடிவுக்கு வந்தால் அங்கே இந்திய ஹைகமிஷனில் போய் பவர் எழுத வேண்டியிருக்கும், யார் பெயருக்கு என்பதை நீயே யோசித்து வை. அண்ணன் பெயருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கொண்டு வர வேண்டியவை: சித்தப்பாவிடம் மூலப் பத்திரமும் கிஸ்தி ரசீதும் இருக்கின்றன. tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று நான் எடுத்து வைக்கிறேன், தாத்தா பெயரில் உள்ள பட்டாவும் புல வரைபடமும் eservices.tn.gov.in தளத்தில் எடுத்துவிட்டேன், ஆளுக்கு ஒரு நகல் தருகிறேன். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் வாரிசுச் சான்று அப்பாவிடம் இருக்கிறது. பெரியப்பாவுக்கு இன்னும் வாங்கவில்லை என்றால் அண்ணா, இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள், அது இல்லாமல் பதிவு நகராது. பதிவுச் செலவுக்குப் பயந்து யாரும் தள்ளிப்போட வேண்டாம். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்றால் ஒரு பங்குக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000.

அன்று எதில் ஒத்துப்போகிறோமோ அதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம், ஒத்துப்போகாததையும் அதிலேயே எழுதுவோம். பிறகு வக்கீல் ஒருவரைப் பார்த்துப் பத்திரமாக்கலாம். எல்லாம் ஒரே நாளில் முடியாவிட்டாலும் பங்கு எவ்வளவு என்பதும், குறுவை போடலாமா என்பதும் அன்றே முடிவாக வேண்டும்.

வருகிறேன் என்பதை ஏப்ரல் 30க்குள் சொல்லிவிடுங்கள், சாப்பாட்டுக்கு எண்ணிக்கை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை இரவே வருகிறவர்களுக்கு மாடியில் பாய் விரித்து வைக்கச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். பெரிய அத்தைக்கு முட்டி வலி, கும்பகோணத்திலிருந்து காரில் நான் போய் அழைத்து வருகிறேன்.