பொருள்: பித்தளைக் கீல்கள், தாழ்ப்பாள்கள் – அறிமுகம், கேட்லாக், சாம்பிள் விவரம்

மதிப்பிற்குரிய சேகர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் மீனாட்சி. கதவு, அலமாரிகளுக்கான பித்தளைக் கீல்களும் தாழ்ப்பாள்களும் செய்யும் எங்கள் குடும்பப் பட்டறையின் சார்பில் எழுதுகிறேன். தமிழிலேயே எழுதலாம் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள்.

உங்கள் விற்பனைப் பட்டியலைப் பார்த்தேன். கீல்களில் எஃகு வகை பல இருக்கின்றன. பித்தளையில் 75 மி.மீ. ஒன்று மட்டும்தான். மரக்கதவுக்குப் பித்தளை கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு 63, 100 மி.மீ. அளவுகளும் தேவைப்படும் என்று நினைக்கிறேன். அந்த இடத்தை எங்களால் நிரப்ப முடியும் என்ற நம்பிக்கையில்தான் இந்த மடல்.

எங்களைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இதுவரை நேரடியாக ஏற்றுமதி செய்ததில்லை. நீங்கள் ஆர்டர் தந்தால் நீங்களே எங்கள் முதல் வெளிநாட்டு வாடிக்கையாளர். ஏற்றுமதிப் பதிவும் வங்கி ஏற்பாடும் முடிந்துவிட்டன. சரக்கை அனுப்பி வைக்க ஒரு ஏஜென்டையும் பேசி வைத்திருக்கிறோம்.

அப்பா 1991-இல் ஒரே ஒரு லேத்துடன் தொடங்கிய பட்டறை இது. இப்போது 14 பேர் வேலை செய்கிறோம். தம்பி மெஷின் பக்கம், நான் ஆர்டரும் கணக்கும். கடைசிச் சோதனை அம்மாவிடம். ஒவ்வொரு கீலையும் ஒரு தகட்டைப் பிடித்து நிமிர்த்தி, மற்றதை விட்டுவிடுவார். அது தடங்காமல், தொளதொளவென்று விழாமல், தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும். நடுவில் நின்றாலோ சட்டென்று விழுந்தாலோ அது தனிப் பெட்டிக்குப் போய்விடும். ஜோடிகளைச் சேர்த்துக் கட்டுவதும் அவர்தான். இரண்டும் ஒரே மாதிரி இறங்கினால்தான் ஒரே ஜோடி. மாதத்துக்கு 9,000 ஜோடி வரை எங்களால் தர முடியும். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டோம்.

கேட்லாக்கை brass-hinges-catalogue.pdf என்ற பெயரில் இணைத்திருக்கிறேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். 22 பொருள்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அளவு வரைபடம், தகட்டின் தடிமன், திருகுத் துளையின் விட்டம், ஜோடியின் எடை, பெட்டியின் அளவு எல்லாம் இருக்கின்றன. படங்களைத் தம்பி பட்டறையிலேயே எடுத்தான். நிறத்தைக் கூட்டிக் காட்டவில்லை. 4-ஆம் பக்கத்தில் உள்ள மூன்று வகைகளை மட்டும் முதலில் பாருங்கள். உங்களுக்குப் பொருந்தும் என்று நான் நினைப்பவை அவைதான்.

உலோகம் பற்றி ஒரு விஷயம். பித்தளையை எளிதாகக் கடைய அதில் ஈயம் சேர்ப்பார்கள். எங்கள் கீல்களுக்கு வாங்கும் பித்தளையில் அது சுமார் 3 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் ஈயம் கவனத்துக்குரிய பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. ஒரு பொருளில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் விற்பவர் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் அங்கும் மறுவிற்பனை செய்வதாக இருந்தால் இந்தத் தகவல் தேவைப்படும். ஒவ்வொரு லாட்டுடனும் உலோகச் சோதனைச் சான்று அனுப்புகிறோம். ஈயம் குறைந்த பித்தளையிலும் செய்து தரலாம். ஆனால் கருவி சீக்கிரம் தேயும், விலை கூடும்.

சரி, சாம்பிளுக்கு வருகிறேன். கேட்லாக்கில் உள்ளவற்றில் ஐந்து வகை வரை, வகைக்கு இரண்டு ஜோடி, இலவசமாக அனுப்புகிறோம். கூரியர் செலவு உங்களுடையது. உங்களிடம் கூரியர் கணக்கு இருந்தால் அதன் எண்ணைத் தாருங்கள். இல்லையென்றால் நாங்களே கட்டி, ரசீதை அனுப்புகிறோம். முதல் ஆர்டர் 1,000 ஜோடியைத் தாண்டினால் அந்தத் தொகையை இன்வாய்ஸில் கழித்துவிடுவோம். சாம்பிள் இலவசம்தான் என்றாலும் சுங்கத்துக்குப் போகும் இன்வாய்ஸில் சுழியம் என்று எழுத முடியாது. உண்மையான மதிப்பைப் போட்டு, 'விற்பனைக்கல்ல, சாம்பிள்' என்று குறிப்பிடுவோம். கீல்களுக்கான எச்.எஸ். எண் 8302.10. உங்கள் பக்கம் வரி வந்தால் அது உங்கள் பொறுப்பு. முன்கூட்டியே உங்கள் சுங்க ஏஜென்டிடம் கேட்டுவிடுவது நல்லது.

சாம்பிளுக்கென்று தனியாகப் பாலிஷ் போட மாட்டோம். அன்றைய லாட்டிலிருந்து எடுத்ததுதான் வரும். தகவல் கிடைத்த 4 வேலை நாளில் அனுப்பிவிடுவோம். உங்கள் சொந்த அளவு என்றால் வரைபடம் உறுதியானதிலிருந்து 18 நாள் ஆகும். டூலிங் செலவை முதலில் சொல்லி, உங்கள் சம்மதம் வந்த பிறகே தொடங்குவோம். எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம். உங்களுக்குப் பிடித்ததில் ஒரு ஜோடியில் கையெழுத்திட்டு அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஜோடியைப் பையில் முத்திரையிட்டு இங்கே வைப்போம். பின்னால் வரும் சரக்கில் சந்தேகம் எழுந்தால் இரண்டு பேரும் அதை வைத்தே பேசுவோம். லாக்கர் பூசியது, பூசாதது இரண்டையும் கேட்டுப் பாருங்கள். பூசாதது காலப்போக்கில் கறுக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

ஆர்டருக்கான குறைந்தபட்ச அளவு வகைக்கு 500 ஜோடி. முதல் முறை மட்டும் 250-க்கும் ஒத்துக்கொள்வோம். 100 மி.மீ. கீலில் ஒரு ஜோடி 480 கிராம், பெட்டிக்கு 40 ஜோடி. 2,000 ஜோடி என்றால் ஏறத்தாழ ஒரு டன், 50 பெட்டி, இரண்டு மரப் பேலட். பேலட்டுகள் ஐ.எஸ்.பி.எம். 15 முறைப்படி வெப்பப்படுத்தி முத்திரையிட்டவை. உறுதி செய்த நாளிலிருந்து 35 நாளில் சரக்கு தயார்.

விலைப் பட்டியல் தனிக் கோப்பாக இணைப்பில் இருக்கிறது. இன்கோடெர்ம்ஸ் 2020 படி எஃப்.சி.ஏ., அமெரிக்க டாலரில். அதாவது ஏற்றுமதி அனுமதி வாங்கி, உங்கள் ஏஜென்டிடம் சரக்கை ஒப்படைப்பது வரை எங்கள் வேலை. செம்பு, துத்தநாக விலை நாள்தோறும் ஏறி இறங்குவதால் விலைப் பட்டியல் 15 நாளுக்குத்தான் செல்லும். ஆர்டர் உறுதியாகிவிட்டால் மாற்ற மாட்டோம். பணம் 30 சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் நகல் கிடைத்ததும். எல்.சி.யும் செய்யலாம், ஆனால் இந்த அளவு சரக்குக்கு வங்கிக் கட்டணமே பெரிதாகிவிடும். முன்பணம் தர யோசனையாக இருந்தால் அனுப்பும் முன் உங்கள் ஆய்வாளர் வந்து பார்க்கலாம். சரக்கு கைக்கு வந்து 30 நாளுக்குள் குறையைப் படத்துடன் தெரிவித்தால், அடுத்த சரக்கில் மாற்றித் தருவோம், அல்லது தொகையைக் கழிப்போம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

4-ஆம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, எந்தெந்த வகை, லாக்கர் வேண்டுமா வேண்டாமா, எந்த முகவரிக்கு என்று மட்டும் எழுதுங்கள். இதில் எதுவுமே உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் ஒரு வரி அனுப்புங்கள். அதுவும் எங்களுக்கு உதவும். பேச விரும்பினால் நேரத்தைக் குறிப்பிடுங்கள், நானே அழைக்கிறேன். அப்பாவும் பக்கத்தில் இருப்பார். உலோகம் பற்றிய கேள்விகளுக்கு அவர்தான் சரியாகப் பதில் சொல்வார்.

அன்புடன்,
மீனாட்சி
ஆர்டர், ஏற்றுமதிப் பொறுப்பு

இணைப்பு: brass-hinges-catalogue.pdf, price-list-fca-usd.pdf