கல்லாப்பெட்டித் தாள்: டிபன் விலையும் லாபமும்

மதுரை, காளவாசல் கடை. மார்ச் 2025 கொள்முதல் விலைப்படி போட்டது. வாடிக்கையாளர் கண்ணில் படாமல் கல்லாவுக்குள் இருக்கட்டும்.

அடக்கம் என்பது சாமான், எண்ணெய், கேஸ் மட்டும். வாடகையும் சம்பளமும் அதில் இல்லை. சதவீதம் விற்பனை விலையை வைத்துப் போட்டது. அடக்கத்தை வைத்து அல்ல.

| பண்டம் | அளவு | அடக்கம் (ரூ.) | விற்பனை (ரூ.) | லாபம் (ரூ.) | லாப சதவீதம் |
|---|---|---|---|---|---|
| இட்லி | 2, சாம்பார், 2 சட்னி | 9 | 20 | 11 | 55% |
| மெதுவடை | 1 (மாவு 45 கிராம்) | 6 | 10 | 4 | 40% |
| சாம்பார் வடை | 1 கிண்ணம் | 10 | 20 | 10 | 50% |
| வெண்பொங்கல் | 1 தட்டு (250 கிராம்) | 22 | 40 | 18 | 45% |
| பூரி | 3, கிழங்கு | 24 | 40 | 16 | 40% |
| சாதா தோசை | 1 | 16 | 40 | 24 | 60% |
| மசால் தோசை | 1, கிழங்கு 80 கிராம் | 22 | 55 | 33 | 60% |
| நெய் ரோஸ்ட் | 1, நெய் 15 மில்லி | 26 | 65 | 39 | 60% |
| வெங்காய ஊத்தப்பம் | 1 | 24 | 50 | 26 | 52% |
| பில்டர் காபி | 120 மில்லி | 9 | 15 | 6 | 40% |

மாப்பிள்ளை, இட்லி வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார். 4 கிலோ இட்லி அரிசி 180 ரூபாய், 1 கிலோ உளுந்து 130. இதில் ஏறக்குறைய 200 இட்லி வரும். ஆக, இரண்டு இட்லிக்கு மாவுச் செலவு 3 ரூபாய் சொச்சம்தான். சாம்பாரும் சட்னியும் சேர்ந்து ஐந்தரை ரூபாய், மிச்சம் கேஸ். இட்லியைவிட அதற்கு ஊற்றுவதுதான் செலவு! அதற்காக இரண்டாவது கரண்டி சாம்பார் கேட்பவரிடம் முகம் சுளிக்க வேண்டாம், ஊற்று. வாளியை மேஜையிலேயே வைத்துவிட்டு வருவதை மட்டும் நிறுத்தச் சொல்.

வடையில் 4 ரூபாய்தான் நிற்கிறது. ஒரு கிலோ உளுந்துக்கு 50 வடை. உளுந்து 130, எண்ணெய் 100, வெங்காயம் மிளகு 30, கேஸ் 40. இதில் குறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வடைக்கு வருகிறவர் காபி குடிக்காமல் போவதில்லை.

பொங்கல்தான் என் தலைவலி. பத்து மணிக்கு மூன்று தட்டு மீந்தால் 66 ரூபாய் குப்பைக்கு. கிட்டத்தட்ட நான்கு தட்டு லாபம் போச்சு. திங்கள், செவ்வாயில் அரிசியை ஒரு கிலோ குறைத்தே போடச் சொல்.

அன்றாடச் செலவு: வாடகை 500, மூன்று பேர் சம்பளம் 1,800, கரண்ட் தண்ணீர் 200. மொத்தம் 2,500. எல்லாம் கலந்து பாதிக்குப் பாதி லாபம் என்று வைத்தால் 5,000 ரூபாய் வியாபாரம் தாண்டிய பிறகுதான் நமக்குக் காசு.

பார்சலுக்கு 5 ரூபாய் தனி. தெரிந்தவர் என்று விடாதே, இலைக்கும் கவருக்குமே 3 ரூபாய் ஆகிறது.

உளுந்து கிலோ 140 தாண்டினால் எனக்கு போன் பண்ணு, விலையை மாற்றிப் போடலாம். அதுவரை வடையைச் சின்னதாக்க மாஸ்டரை விடாதே.