புதிதாக வந்திருக்கும் பறவைப் பிரியர்களுக்கு

வணக்கம், வாருங்கள். பத்தாங் பெர்ஜுந்தையில் (பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறினாலும் நமக்குப் பத்தாங்தான்) பறவை பார்க்கிற குழு இது. பைனாகுலர் இல்லை, பறவைப் பெயர் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம். லயத்து வாசலில் நின்று மைனாவைப் பார்த்தவர்கள்தான் நாம் எல்லோரும்.

பெயரை எந்த மொழியிலும் எழுதலாம். அம்மா சொன்ன பெயரையும் சேர்த்து எழுதுங்கள். செம்பனைக்குள் கம்பத்தில் மாட்டியிருக்கும் பெட்டியில் குடியிருப்பதை நம் பாட்டிமார் சாக்குருவி என்று பயந்தார்கள். நூலில் அது கூகை. எலி பிடிக்கத்தான் தோட்டத்தில் அதற்குப் பெட்டி வைக்கிறார்கள். அந்தக் கம்பத்தடியில் கறுப்பாக, கட்டைவிரல் அளவில் உருண்டை கிடக்கும். பிரித்துப் பார்த்தால் எலியின் தாடை எலும்பு பல்லோடு அப்படியே இருக்கும். உருண்டையைப் படம் எடுத்துப் போடுங்கள், பெட்டியில் மட்டும் ஏறாதீர்கள்.

நான் கண்டிப்பாக இருக்கும் விதி ஒன்றே ஒன்று: கூடு இருக்கும் இடத்தை எழுதக் கூடாது, இடம் தெரிகிற படமும் கூடாது. போன வருடம் பட்டுப்போன தென்னையின் பொந்தில் முராய் கம்போங் குஞ்சு பொரித்திருந்தது. நம் குண்டுக்கரிச்சான்தான். ஆசையில் ஒருவர் படம் போட்டார், பின்னால் சுராவ் கூரை தெரிந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பொந்தை வெட்டித் திறந்திருந்தார்கள். தாய்ப் பறவை பக்கத்து வேலியில் கத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. போட்டவர் மேல் தப்பில்லை, அப்போது இந்த விதியே இல்லை.

கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். கூண்டுப் பறவை விற்பது, வாங்குவது இங்கே கிடையாது. காலை வணக்கப் படம், அரசியல், நன்கொடைச் செய்திகளுக்கு வேறு குழுக்கள் இருக்கின்றன. தப்பாகப் பெயர் சொன்னவரைத் திருத்துங்கள், சரி, ஆனால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் சொல்லிக்கொடுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு மாரியம்மன் கோவில் வாசலில் கூடுவோம். பழைய ஈய லம்பக் குட்டைகளைச் சுற்றிவிட்டு 9.30க்குப் பசியாறப் போவோம். தோட்டத்துக்குள் போவதானால் ஜாகாவிடம் கேட்டுவிட்டுத்தான். குலை வெட்டும் வரிசைப் பக்கம் வேண்டாம், ஒரு குலை 20 கிலோ இருக்கும். பிள்ளைகளை அழைத்து வரலாம். வெள்ளைச் சட்டை வேண்டாம், தொப்பியும் தண்ணீரும் வேண்டும்.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வரும் நீலவால் பஞ்சுருட்டான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முதலில் பார்ப்பவர் தேதியோடு எழுதுங்கள், அதை ஒரு நோட்டில் குறித்து வருகிறோம்.

இப்போது உங்கள் பெயர், எந்தத் தோட்டம் அல்லது தாமான், இன்று காலை வீட்டு வாசலில் கேட்ட பறவை எது என்று மூன்று வரி எழுதுங்கள்.