துணி லாட் கண்காணிப்பு: திருத்திய திட்ட சாசனம்

வணக்கம் அண்ணா,

நீங்கள் அனுப்பிய வரைவில் சொல்ல வேண்டியது எல்லாமே இருக்கிறது. ஆனால் இலக்கு, ஆசை, நிபந்தனை மூன்றும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கின்றன. இப்படியே கையெழுத்தானால் சாஃப்ட்வேர்காரர் ஒன்றைப் புரிந்துகொள்வார், குடோன் கீப்பர் இன்னொன்றைப் புரிந்துகொள்வார். அதனால் பிரித்து எழுதியிருக்கிறேன். மாற்றிய இடங்களில் காரணமும் சொல்லியிருக்கிறேன்.

எல்லை

நூல் நிட்டிங்குக்குப் போவது முதல், சாயமும் காம்பாக்டிங்கும் முடிந்த துணி கட்டிங் மேசைக்கு வழங்கப்படும் வரை, ஒவ்வொரு லாட்டின் எடை, ரோல் எண்ணிக்கை, இருக்கும் இடம் ஆகியவை இரண்டு குடோன்களிலும் பார்கோடு மூலம் பதிவாகும். தொடங்கும் நாளில் பட்டறைகளில் நிலுவையில் உள்ள எல்லாச் சலான்களும் தொடக்க இருப்பாக ஏற்றப்படும்.

தையல், செக்கிங், பேக்கிங், அக்சஸரீஸ், ஜாப் ஒர்க் கூலிக் கணக்கு ஆகியவை இதில் சேராது. டேலியில் பில் போடும் முறையும் மாறாது.

உங்கள் வரைவில் "பீஸ் ஆகி வரும்வரை எல்லாம் கம்ப்யூட்டரில் வரணும்" என்று இருந்தது. கட்டிங் மேசையில் கிலோ கணக்கு பீஸ் கணக்காகிவிடுகிறது. அதற்குமேல் பண்டில் வாரியாகப் பதிய வேண்டும், அது தனி வேலை. இந்தப் பட்ஜெட்டில் இரண்டையும் இழுத்தால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

இலக்குகள்

1. லாட் எண்ணைக் கொடுத்தால், துணி எந்தப் பட்டறையில், எத்தனை கிலோ, எத்தனை நாளாக இருக்கிறது என்பது 2 நிமிடத்துக்குள் திரையில் தெரிய வேண்டும்.

2. கிரே எடைக்கும் திரும்பி வந்த எடைக்கும் உள்ள வித்தியாசம் துணி வந்த அன்றே லாட் வாரியாகத் தெரிய வேண்டும். பேசிய அளவைத் தாண்டிய லாட்டின் பில், மேனேஜர் பார்க்காமல் பணத்துக்குப் போகக் கூடாது.

3. ஒரே ஸ்டைல், ஒரே கலருக்கு இரண்டு சாய லாட் துணி கலந்து கட்டிங்குக்கு வழங்கப்படக் கூடாது. ஸ்கேன் செய்யும்போதே சிஸ்டம் தடுக்க வேண்டும்.

4. அக்டோபர்–மார்ச் அரையாண்டுக்கான ஐ.டி.சி-04 படிவம், நோட்டைப் புரட்டாமல் இந்தப் பதிவிலிருந்தே தயாராகி, ஏப்ரல் 25-க்குள் தாக்கலாக வேண்டும்.

"வேஸ்டேஜ் குறையணும்", "ஷேட் பிரச்சினை வரக் கூடாது" என்ற இரண்டையும் எடுத்துவிட்டேன். இரண்டும் நியாயமான ஆசைகள். ஆனால் கலர் சரியாக வருவது சாயப்பட்டறையின் கையில் இருக்கிறது, வந்ததைக் கலக்காமல் வழங்குவதுதான் நம் கையில். வேஸ்டேஜையும் சிஸ்டம் காட்டித்தான் தரும், குறைப்பது அதன் பிறகு நாம் பேசும் பேச்சு.

அனுமானங்கள்

வரைவில் "டையிங்காரங்க ஒத்துழைப்பாங்க" என்று அரை வரியில் இருந்ததுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. கிரே ரோலில் ஒட்டிய லேபிள் சாயத் தொட்டிக்குள் போய்த் திரும்பாது. ரோலைப் பிரித்து, துணிகளை ஒன்றோடொன்று தைத்துத்தான் மெஷினில் ஏற்றுகிறார்கள். திரும்பி வரும் துணியை அடையாளம் காட்டுவது சலானில் உள்ள லாட் எண் மட்டுமே. ஆகவே:

நான்கு சாயப்பட்டறைகளும் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு சலானிலும் நம் லாட் எண்ணை எழுதுவார்கள். ஜூலை 15-க்குள் நீங்கள் நேரில் பேசி உறுதி செய்ய வேண்டும். ஒரு பட்டறை மறுத்தாலும், குடோன் வாசலில் லாட் பிரித்து லேபிள் ஒட்ட ஒரு ஆள் கூடுதலாகத் தேவைப்படும்.

இரண்டு குடோன்களின் எடை மெஷின்களையும் கம்ப்யூட்டரோடு இணைக்க முடியும். எலக்ட்ரீஷியன் ஜூன் கடைசிக்குள் பார்த்துச் சொல்வார். முடியாவிட்டால் எடையைக் கையால் அடிக்க வேண்டியிருக்கும், அதில் தப்பு வரும்.

கட்டுப்பாடுகள்

மொத்தச் செலவு 9 லட்சம் ரூபாய். ஸ்கேனர், லேபிள் பிரிண்டர், முதல் வருடப் பராமரிப்பு எல்லாம் இதற்குள்.

அக்டோபர் 1-ல் ஓட ஆரம்பிக்க வேண்டும். அரையாண்டின் நடுவில் தொடங்கினால் பாதி நோட்டிலும் பாதி சிஸ்டத்திலும் இருக்கும். அதற்குப் பிறகு தீபாவளி நெருக்கடியில் பயிற்சிக்கு ஆள் கிடைக்காது.

ஜி.எஸ்.டி சட்டம் 143-ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்குப் போன நூலும் துணியும் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகும். எனவே 300 நாள் தாண்டிய சலானைச் சிஸ்டம் சிவப்பில் காட்ட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

வேலை நடக்கும் நாட்களில் குடோனை மூடக் கூடாது. இருப்பு எண்ணுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

வரைவில் "பட்ஜெட் போதும்னு நினைக்கிறோம்" என்பதை அனுமானத்தில் வைத்திருந்தீர்கள். 9 லட்சத்துக்கு மேல் கிடையாது என்று பெரியவர் சொல்லிவிட்டதால் கட்டுப்பாட்டுக்கு மாற்றினேன்.

உங்களிடமிருந்து இரண்டு பதில் வேண்டும். சாயத்தில் எத்தனை சதவீத எடை இழப்பு வரை ஒப்புக்கொள்கிறோம்? பட்டறைக்குப் பட்டறை வேறு என்றால் நான்கையும் தனித்தனியே எழுதிக் கொடுங்கள், இரண்டாம் இலக்கு அந்த எண்ணை நம்பித்தான் நிற்கிறது. இரண்டாவது, அவசர ஷிப்மெண்டில் லாட் கலக்க அனுமதி தர வேண்டி வந்தால் யார் தருவது? ஒருவர் பெயர் மட்டும் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் வந்துவிட்டால் திங்கட்கிழமை பெரியவரிடம் கையெழுத்துக்கு வைத்துவிடுகிறேன்.