1975-ஆம் ஆண்டு வரி ரசீதில் உள்ள ஓட்டுப்பட்டறை வீட்டின் தற்போதைய விவரங்கள் கேட்டு மனு

அனுப்புநர்:
இரா. கோமதி,
14, இரண்டாவது குறுக்குத் தெரு,
உறையூர், திருச்சிராப்பள்ளி – 620003.

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
குன்னூர் – 643101, நீலகிரி மாவட்டம்.

நாள்: 10.06.2025

பொருள்: சொத்து வரி – ஓட்டுப்பட்டறை – எங்கள் தாத்தா எம். ரங்கசாமி பெயரில் இருந்த வீடு – பழைய வரிவிதிப்பு எண் 1184 – தற்போதைய வரிவிதிப்பு எண், கதவு எண், பதிவேட்டில் உள்ள பெயர் ஆகிய விவரங்கள் கேட்பது தொடர்பாக.

பார்வை: குன்னூர் நகராட்சி சொத்து வரி ரசீது, நாள் 11.02.1975 (1974–75 இரண்டாம் அரையாண்டு).

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் அம்மாவைப் பெற்ற தாத்தா எம். ரங்கசாமி, அருவங்காடு கார்டைட் பாக்டரியில் வேலை பார்த்தவர். வேலையில் இருந்தபோதே ஓட்டுப்பட்டறையில் ஒரு சிறிய ஓட்டு வீடு வாங்கிக் குடும்பத்தோடு குடியிருந்தார். 22.08.1978 அன்று அந்த வீட்டிலேயே காலமானார். பாட்டி 1990 வரை அங்கேதான் இருந்தார். பாட்டிக்குப் பிறகு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். அம்மா திருச்சியிலிருந்து மணியார்டர் அனுப்புவார், குடியிருந்தவர் வரியைக் கட்டி ரசீதைத் தபாலில் அனுப்புவார். அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போன பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. அப்பா 2009-இல் தவறிவிட்டார். தாத்தா பாட்டிக்கு ஒரே பிள்ளையான அம்மா சரோஜாவும் 2023-இல் காலமானார். இப்போது வாரிசுகள் நானும் என் தம்பி சரவணனும்தான்.

கிரயப் பத்திரம் எங்களிடம் இல்லை. அம்மாவின் தகரப் பெட்டியில் தாத்தாவின் பாக்டரி பாஸோடு சேர்த்துப் பின் குத்தி வைத்திருந்த ஒரே ஒரு வரி ரசீதுதான் இருக்கிறது. அந்த வீட்டுக்கு எங்கள் கையில் இருக்கும் ஒரே நகராட்சி ஆவணம் அதுதான் என்பதால், அதில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தலைப்பில் குன்னூர் நகராட்சி என்று அச்சாகியிருக்கிறது. தாத்தா அருவங்காட்டில் வேலை பார்த்ததால் வீடு வெலிங்டன் எல்லைக்குள் இருந்திருக்கும் என்று உறவினர்கள் சிலர் சொல்லி வந்தார்கள். வெலிங்டனில் வரி வாங்குவது கன்டோன்மென்ட் போர்டு. ரசீது நகராட்சியுடையது என்பதால், வீடு தங்கள் எல்லைக்குள்தான் இருந்தது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. பெயர் எம். ரங்கசாமி. வார்டு 4, கதவு எண் 61, இடம் ஓட்டுப்பட்டறை. தெருப் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. பொது வரி, குடிநீர் வடிகால் வரி, விளக்கு வரி, நூலக வரி என்று தனித்தனியாகப் பிரித்து, மொத்தம் ரூ.17.85 என்று பேனாவால் எழுதி, கீழே பில் கலெக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வரிவிதிப்பு எண் இருக்கும் மூலையை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. கடைசி மூன்று இலக்கங்கள் 184 என்பது தெளிவாகத் தெரிகிறது. முதல் இலக்கம் 1 என்றும் படிக்கலாம், 7 என்றும் படிக்கலாம். அது 1 தான் என்று நாங்கள் முடிவுக்கு வந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு அம்மா.

நானும் தம்பியும் ஓட்டுப்பட்டறைக்கு நேரில் வந்து விசாரித்தோம். எண்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாவுக்குத் தாத்தாவை நன்றாக நினைவிருக்கிறது. “பாக்டரி சங்கு ஊதுறதுக்கு முன்னாலேயே டிபன் கேரியரோட படி இறங்கிடுவாரு உங்க தாத்தா” என்றார். அவர்கள் வீட்டிலும் பழைய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று எங்கள் ரசீதுக்கு உரிய அதே அரையாண்டுக்கு உரியது. அதே வார்டு 4, கதவு எண் 60, வரிவிதிப்பு எண் 1183. அன்றைக்குத் தெருவில் வரிசையாகப் போய் எண் போட்டிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. 60-ஆம் எண் வீடு 1183 என்றால், 61-ஆம் எண் வீடு 1184 ஆகத்தான் இருக்க வேண்டும்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு இப்போதும் அவர்கள் மகன் பெயரில் வரி கட்டி வருகிறார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு, பழைய ரசீது, புதிய ரசீது இரண்டின் நகல்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பழைய 1183 புதிய பதிவேட்டில் எந்த எண்ணாக மாறியது என்பதைத் தங்கள் அலுவலர்கள் பார்த்தால், அதற்கு அடுத்த வரியிலேயே எங்கள் வீடும் இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் எண்ணை மட்டும் வைத்துத் தேடுவதைவிட இந்த வழி சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இணையத்தில் வரி கட்டும் தளத்திலும் தேடிப் பார்த்தோம். இந்த நான்கு இலக்க எண்ணுக்கு எதுவும் வரவில்லை.

இடத்தில் நிலவரம் இப்படி இருக்கிறது. அந்த அம்மாவின் வீட்டைத் தாண்டி மேலே ஏறும் கற்படிகளுக்கு இடது பக்கம் ஓடுகள் சரிந்து பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வீடு. வலது பக்கம் பழையதை இடித்துக் கட்டிய மாடி வீடு ஒன்று, அதில் ஒரு குடும்பம் இருக்கிறது. தாத்தா வீடு படிக்கு இடது பக்கம்தான் என்கிறார் அந்த அம்மா. அவருடைய மகனோ, படிகளே பிறகு இடம் மாற்றிக் கட்டப்பட்டவை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார். எங்கள் அம்மா பெண்ணாக இருந்த வயதில் எடுத்த ஒரு புகைப்படத்தில் வாசலும் ஒரு பேரிக்காய் மரமும் தெரிகின்றன. அந்த மரம் இப்போது இல்லை. ஆக, கண்ணால் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

எனவே தங்கள் அலுவலகப் பதிவேடுகளிலிருந்து கீழ்க்கண்ட விவரங்களைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவதும் முக்கியமானதும்: பழைய வார்டு 4, கதவு எண் 61, வரிவிதிப்பு எண் 1184 என்ற இனத்துக்கு இப்போது உள்ள வார்டு, தெரு, கதவு எண், புதிய வரிவிதிப்பு எண் எவை? 2008-லும் 2022-லும் நடந்த சொத்து வரிச் சீராய்வுகளின்போதோ, அதற்கு முன்போ இந்த எண் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தாலோ வேறொன்றோடு சேர்க்கப்பட்டிருந்தாலோ அதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இரண்டாவது, அந்த எண் இப்போது யார் பெயரில் இருக்கிறது. இன்னமும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அதைச் சொன்னால் போதும். வேறு பெயருக்கு மாறியிருந்தால், எந்த நாளில், எந்த உத்தரவின்படி, எந்த ஆவணத்தைக் காட்டி மாற்றப்பட்டது என்ற விவரம் வேண்டும். எங்கள் அம்மா எந்தப் பெயர் மாற்றத்துக்கும் கையெழுத்துப் போட்டதாக எங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது, அது கட்டடமாகப் பதிவாகியிருக்கிறதா, காலிமனையாகவா, பதிவேட்டில் உள்ள பரப்பளவு எவ்வளவு, நகர நில அளவை எண் குறிக்கப்பட்டிருந்தால் அது என்ன, குடிநீர் இணைப்பு இருந்தால் அதன் எண் என்ன என்பவை. வரி நிலுவை இருந்தால் அரையாண்டு வாரியாகத் தெரிவித்தால், சட்டப்படி நாங்கள் கட்ட வேண்டியதைக் கட்டத் தயாராக இருக்கிறோம்.

பழைய வரிவிதிப்புப் பதிவேடு கிடைக்காவிட்டால், இன்னொரு வழியும் தோன்றுகிறது. தாத்தாவின் இறப்பு தங்கள் நகராட்சியில்தான் பதிவாகியிருக்கிறது. இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்துள்ளேன். இறப்புப் பதிவேட்டின் மூலப் பக்கத்தில் வீட்டு முகவரி இன்னும் விவரமாக எழுதப்பட்டிருக்கலாம். 1978-க்கு உரிய அந்தப் பக்கத்தையும், 1974 முதல் 1991 வரையிலான கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டில் இந்த எண்ணுக்கு உரிய பக்கங்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த ஆண்டுகளின் பதிவேடுகள் அழிக்கப்பட்டுவிட்டன என்றால், அதை எழுத்தில் கொடுத்தாலும் எங்களுக்கு உதவியாக இருக்கும். வருவாய்த் துறையிலும் பதிவுத் துறையிலும் அடுத்த கட்டமாக மனு செய்ய அந்தப் பதிலும் தேவைப்படும்.

வரி ரசீது உரிமை ஆவணம் ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும். இந்த மனுவின் மூலம் பெயர் மாற்றம் எதுவும் கேட்கவில்லை. தற்போதைய கதவு எண்ணும் நில அளவை எண்ணும் கிடைத்தால்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கும், வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டு நகலுக்கும் விண்ணப்பிக்க முடியும். எண் இல்லாமல் அங்கே போய் நின்றால் எந்தச் சொத்து என்றுதான் முதலில் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். பெயர் மாற்றத்துக்கு உரிய ஆவணங்கள் எல்லாம் சேர்ந்த பிறகு அதற்குத் தனியாக விண்ணப்பிப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாடி வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தாரிடம் நாங்கள் எதுவும் பேசவில்லை. அது எங்கள் தாத்தா இடம் இல்லாமலும் இருக்கலாம். அப்படியிருக்கும்போது அவர்கள் வாசலில் போய் நின்று அவர்கள் மனதில் பயத்தைக் கிளப்ப எங்களுக்கு விருப்பம் இல்லை. அதனால்தான் முதலில் தங்களிடம் வந்திருக்கிறோம். இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று வருவாய் ஆய்வாளர் கருதினால், நாளைத் தெரிவியுங்கள். தம்பியும் நானும் வந்துவிடுகிறோம். பக்கத்து வீட்டு அம்மாவும் இடத்தைக் காட்டத் தயார் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு வயதாகிவிட்டது, உடல்நிலையும் சுமார்தான். மழைக்காலம் வலுப்பதற்கு முன் அந்தப் பார்வை நடந்தால் நன்றாக இருக்கும்.

பதிவேட்டுப் பக்கங்களின் சான்றிட்ட நகல்களுக்கு உரிய கட்டணத்தைச் செலுத்துகிறேன். பதில் அனுப்ப அஞ்சல் தலை ஒட்டிய, என் முகவரி எழுதிய உறை ஒன்றையும் வைத்திருக்கிறேன். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை அதில் அனுப்பி வைக்கவும். விரிவான பதிலைப் பதிவு அஞ்சலில் அனுப்பினால் அதற்கான செலவையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இணைப்புகள்: 11.02.1975 நாளிட்ட வரி ரசீதின் நகல் (அசலை நேரில் காட்டுகிறேன்). பக்கத்து வீட்டின் பழைய, புதிய ரசீது நகல்களும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும். தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா ஆகியோரின் இறப்புச் சான்றிதழ் நகல்கள். வாரிசுச் சான்றிதழ் நகல். என்னுடைய, தம்பியுடைய ஆதார் நகல்கள். பழைய புகைப்படத்தின் நகல். நாங்கள் வரைந்த இட வரைபடம் (கற்படி, பக்கத்து வீடு, பூட்டிய வீடு, மாடி வீடு ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன).

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. கோமதி
(எனக்காகவும் தம்பி இரா. சரவணனுக்காகவும்)