செப்டம்பர் 3 இரவுக்கு முந்தைய டேட்டாபேஸ் பேக்கப் வேண்டும், அவசரம்

வணக்கம்,

திருத்துறைப்பூண்டியில் பாரம்பரிய நெல் விதையும் அரிசியும் விற்கிற சின்னக் கடை எங்களுடையது. உங்கள் ஷேர்டு ஹோஸ்டிங்கில்தான் தளம் ஓடுகிறது. வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ், டேட்டாபேஸ் பெயர் `nelvidai_shop`.

புதன்கிழமை, செப்டம்பர் 3, இரவு 11.40க்கு ஆர்டர் படிவத்துக்கான ப்ளகின் ஒன்று தானாகவே அப்டேட் ஆனது. புதுப் பதிப்பு தன் டேபிளை மாற்றியமைக்கும்போது பாதியில் நின்றுவிட்டது, யாருக்கு எந்த ரகம், எத்தனை கிலோ, எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்ற விவரம் முழுக்கப் போய்விட்டது. எரர் லாகில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்:

```
WordPress database error Unknown column 'variety' in 'field list'
```

ப்ளகினைப் பழைய பதிப்புக்கு மாற்றிப் பார்த்தாயிற்று. கோடு பழையதாகிறது, போன டேட்டா வரவில்லை. அதனால் ஃபைல்களைத் தொட வேண்டாம், டேட்டாபேஸ் மட்டும் போதும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள், தயவுசெய்து பழைய பேக்கப்பை இப்போதுள்ளதன் மேலேயே ஏற்றிவிடாதீர்கள். வியாழன் காலையில் வந்த ஆர்டர்கள் அதில்தான் இருக்கின்றன, அவையும் அழிந்துவிடும். முதலில் இப்போதுள்ளதை அப்படியே ஒரு டம்ப் எடுத்து வையுங்கள். அப்புறம் அப்டேட்டுக்கு முந்தைய பேக்கப்பை `nelvidai_old` என்று தனி டேட்டாபேஸாக ஏற்றிக் கொடுங்கள். `wp_seed_orders`, `wp_woocommerce_order_itemmeta` இரண்டையும் ஒப்பிட்டு வேண்டியதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். வியாழன் மதியத்திலிருந்து கடையை மூடி வைத்திருப்பதால் புதிதாக எதுவும் எழுதப்படாது.

உங்கள் பேக்கப் அதிகாலையில் எடுப்பது என்றால் புதன் பகல் முழுக்க வந்த ஆர்டர்கள் அதில் இருக்காது. மைஎஸ்க்யூஎல் பைனரி லாக் ஓடிக்கொண்டிருந்தால் அதை வைத்து 11.39 வரை கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதிகாலைப் பேக்கப்பே போதும், ஆனால் உடனே வேண்டும். பழைய பேக்கப்புகள் சில நாளில் தானாக அழியும் என்று உங்கள் பேனலில் போட்டிருக்கிறது, இந்த டிக்கெட் முடியும்வரை அதை அழியாமல் நிறுத்தி வையுங்கள்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கிற ரகம். ஆவணி முடிவதற்குள் விதை நாற்றங்காலில் விழ வேண்டும், தள்ளிப்போனால் அந்த விவசாயி வேறு ரகத்துக்குப் போக வேண்டியதுதான், இந்த வருஷம் அவருக்கு அவ்வளவுதான். மன்னார்குடி, வேதாரண்யம், நாகை என்று முன்பணம் கட்டிவிட்டு விதைக்குக் காத்திருக்கிறார்கள். பேமென்ட் கேட்வேயில் பணம் கட்டியவர் பெயரும் தொகையும் கிடைக்கிறது, கேட்டது சீரகச் சம்பாவா கிச்சிலிச் சம்பாவா என்று அதில் இல்லை. மூட்டைகள் தைத்துத் தயாராக இருக்கின்றன, மேலே ஒட்ட முகவரிதான் இல்லை.

மீட்புக்குத் தனிக் கட்டணம் உண்டென்றால் பில்லில் சேர்த்துவிடுங்கள், ஒப்புதல் கேட்டுக் காத்திருக்க வேண்டாம், இந்தக் கடிதமே ஒப்புதல். எந்தத் தேதி, எத்தனை மணிப் பேக்கப் உங்களிடம் இருக்கிறது என்பதை மட்டும் இன்று மாலைக்குள் டிக்கெட்டில் போடுங்கள்.

நன்றி.

உரிமையாளர்
பாரம்பரிய நெல் விதைக் கடை, திருத்துறைப்பூண்டி
செப்டம்பர் 5, 2025