சம்பவ அறிக்கை, தமிழில்: ஜெனரேட்டரைத் தூக்கும்போது காற்றில் சுமை ஆடியது

இடம்: முப்பந்தல் அருகே உள்ள காற்றாலைத் தளம், ஆரல்வாய்மொழி
நாள், நேரம்: ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2:20 (ஆங்கில அறிக்கையில் 14:20)
யாருக்கு: கிரேன் ஆபரேட்டர், ரிக்கர், சிக்னல்மேன், கயிறு பிடிப்பவர்கள், டிரெய்லர் ஓட்டுநர்கள். காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் உரக்க வாசிக்க வேண்டும்.

[சதுர அடைப்புக்குள் இருப்பது தமிழில் எழுதிய என் சொல். மற்றதெல்லாம் அறிக்கை சொல்வது. பத்தி எண்கள் ஆங்கிலத்தில் உள்ளவையே. வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்த எண்ணையும் நான் முழு எண்ணாக்கவில்லை. 9.0 என்றால் 9.0 தான்.]

எச்சரிக்கைச் சொற்கள்

அறிக்கையில் மூன்று சொற்கள் வருகின்றன. தமிழில் அவை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.
அபாயம்: தவிர்க்காவிட்டால் உயிர் போகும் அல்லது பலத்த காயம் ஏற்படும்.
எச்சரிக்கை: தவிர்க்காவிட்டால் உயிர் போகலாம் அல்லது பலத்த காயம் ஏற்படலாம்.
கவனம்: தவிர்க்காவிட்டால் சிறிய அல்லது நடுத்தரக் காயம் ஏற்படலாம்.
[“போகும்” என்பதும் “போகலாம்” என்பதும் ஒன்றல்ல. வாசிப்பவர் இந்த இடத்தில் நிதானமாக வாசிக்கவும்.]

1. நடந்தது

பழைய ஜெனரேட்டரை எடுத்துவிட்டுப் புதியதை மேலே ஏற்றும் வேலை. ஜெனரேட்டரின் எடை 7.4 டன். ஹூக் பிளாக், ஸ்லிங், ஷாக்கிள் எல்லாம் சேர்த்து 2.1 டன். மொத்தம் 9.5 டன். அந்த ரேடியஸில் கிரேன் தூக்கக்கூடியது 14.0 டன். அதாவது 68 சதவீதச் சுமைதான். ஸ்லிங் கோணம் தரைமட்டத்திலிருந்து 60°, திட்டத்தில் உள்ளபடியே இருந்தது. [செங்குத்திலிருந்து அளந்தால் இதே கோணம் 30°. எதிலிருந்து அளக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.]

சுமை தரையிலிருந்து 24 மீட்டர் உயரத்தில் இருந்தபோது ஒரு வீச்சுக் காற்று அடித்தது. பூம் நுனியில் இருந்த காற்றுமானி காட்டிய வேகம் விநாடிக்கு 12.6 மீட்டர். சுமை 2.3 மீட்டர் பக்கவாட்டில் ஆடியது. கட்டுக்கயிற்றைப் பிடித்திருந்த ரிக்கர் ஒருவர் அதைக் கையில் இரண்டு சுற்று சுற்றியிருந்தார். கயிறு இறுகியதில் அவருடைய இடக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் முறிந்தன. உடனே முதலுதவி கொடுத்து, 108 ஆம்புலன்ஸில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். சுமை கீழே விழவில்லை. வேறு யாருக்கும் காயம் இல்லை.

2. அளவுகள்

தூக்கும் திட்டப்படி காற்றின் எல்லை: 9.0 மீட்டர்/விநாடி, அதாவது மணிக்கு 32.4 கிலோமீட்டர். 3 விநாடி வீச்சை வைத்துப் பார்க்க வேண்டும், 10 நிமிடச் சராசரியை வைத்து அல்ல. பூம் நுனியில் அளக்க வேண்டும், தரையில் அல்ல.
சம்பவ நேரத்தில் பூம் நுனியில்: 12.6 மீட்டர்/விநாடி, அதாவது மணிக்குச் சுமார் 45.4 கிலோமீட்டர்.
அதே நேரம் தரையில் கைக்கருவியில்: 6.1 மீட்டர்/விநாடி.

[விநாடிக் கணக்கை மணிக் கணக்காக்க 3.6-ஆல் பெருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்று ஒன்றரை மடங்குகூட ஆகவில்லையே என்று சிலர் கேட்டார்கள். 12.6 என்பது 9.0-ஐப் போல 1.4 மடங்கு, சரிதான். ஆனால் சுமையின்மேல் காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 1.4 × 1.4 = 1.96. எல்லையில் இருந்திருக்கக்கூடிய விசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அந்த ஜெனரேட்டரைத் தள்ளியிருக்கிறது. ஆடிக் காற்று இன்னும் தொடங்கவில்லை, வைகாசியிலேயே இப்படி. கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று தரையில் சும்மா இருப்பதுபோலத் தெரியும், மேலே வேறு மாதிரி இருக்கும்.]

3. காரணங்கள்

3.1 கேபினில் உள்ள திரை காற்று வேகத்தை `m/s` என்ற அலகில் காட்டியது. தளத்தில் தமிழில் வைத்திருந்த அறிவிப்புப் பலகையில் “காற்று 32-க்கு மேல் போனால் வேலையை நிறுத்து” என்று மட்டும் இருந்தது, அலகு இல்லை. ஆபரேட்டர் திரையில் 12.6 என்று பார்த்து, 32-ஐவிட மிகக் குறைவு என்று நினைத்துத் தூக்குவதைத் தொடர்ந்தார்.

3.2 கேபின் அலாரம் 14.0 மீட்டர்/விநாடியில் ஒலிக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. இந்தத் தூக்கலின் எல்லைக்கு ஏற்ப மாற்றப்படவில்லை.

3.3 கட்டுக்கயிறு கையில் சுற்றப்பட்டிருந்தது.

[3.1-ல் சொல்லும் பலகையை எழுதியவன் நான். ஆங்கிலத்தில் `32 km/h` என்று இருந்தது. பலகை சின்னது, எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து அலகை விட்டேன். ஆங்கிலத்தில் “அலகு விடுபட்டது” என்று உள்ள வரியை இங்கே மென்மையாக்காமல் அப்படியே போட்டிருக்கிறேன். ஆபரேட்டர் அண்ணன் மேல் யாரும் குறை சொல்ல வேண்டாம். அவர் பலகையில் இருந்ததைத்தான் படித்தார்.]

4. இன்று முதல் கட்டாயம்

4.1 அபாயம். தூக்கிய சுமையின் கீழே யாரும் நிற்கக் கூடாது, கடக்கவும் கூடாது. சுமைக்கு நேர் கீழிருந்து சுற்றிலும் 15 மீட்டர் தூரம் தடை எல்லை. கயிறு பிடிப்பவர்களும் அதற்கு வெளியே நின்றே பிடிக்க வேண்டும்.

4.2 அபாயம். பூம் நுனியில் வீச்சு 9.0 மீட்டர்/விநாடியை எட்டினாலோ தாண்டினாலோ தூக்குவதை உடனே நிறுத்தி, பாதுகாப்பாகச் சுமையை இறக்க வேண்டும். [“எட்டினாலோ” என்பதை விடாதீர்கள். ஆங்கிலத்தில் 9.0-ம் சேர்த்தே நிறுத்தும் எல்லை.]

4.3 வீச்சு தொடர்ந்து 10 நிமிடம் 9.0 மீட்டர்/விநாடிக்குக் கீழே இருந்த பிறகு மட்டுமே மீண்டும் தொடங்கலாம். நடுவில் ஒரு முறை எட்டினாலும் 10 நிமிடத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். தொடங்கலாம் என்று சொல்ல வேண்டியவர் லிஃப்டிங் சூப்பர்வைசர்.

4.4 எச்சரிக்கை. கட்டுக்கயிற்றைக் கையிலோ மணிக்கட்டிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது. கயிறு இழுத்தால் விட்டுவிட வேண்டும். சுமையைக் கையால் நிறுத்தப் பார்க்கக் கூடாது.

4.5 ஒவ்வொரு தூக்கலுக்கு முன்பும் அலாரம் 9.0 மீட்டர்/விநாடியில் இருக்கிறதா என்று ஆபரேட்டரும் சூப்பர்வைசரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

4.6 கவனம். கயிறு பிடிக்கும்போது தோல் கையுறை போட வேண்டும். அறுந்த நூல் தெரியும் கயிற்றைப் பயன்படுத்தக் கூடாது.

4.7 வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை தளத்தில் உள்ள எல்லாருக்கும் உண்டு. யார் “நிறுத்து” என்று காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்த வேண்டும்.

[பழைய பலகையைக் கழற்றியாகிவிட்டது. புதியதில் திரையில் தெரிகிறபடியே `9.0 m/s` என்றும், அதன் கீழே “விநாடிக்கு 9.0 மீட்டர், மணிக்கு 32.4 கிலோமீட்டர்” என்றும் எழுதியிருக்கிறேன். தோவாளை, செண்பகராமன்புதூர் பக்கத்திலிருந்து வரும் தம்பிகள் இரண்டு பேர் அதை வாசித்துப் பார்த்து, “எட்டினாலும் நிறுத்து” என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்கள். அப்படியே போட்டாயிற்று. ஆங்கில அறிக்கை அலுவலக அறையில் கம்பியில் தொங்குகிறது. இங்கே ஏதாவது ஒரு எண்ணோ அலகோ அதோடு ஒத்துப்போகாவிட்டால், நாளைக் காலைத் தூக்கலுக்கு முன் என்னிடமோ சூப்பர்வைசரிடமோ சொல்லுங்கள்.]